கோட்டில் ஒளிந்த எழுத்து

‘ப’ என்ற எழுத்துக்கும் துணைக்காலுக்கும் வேறுபாடு ஒன்றே ஒன்றுதான். இரண்டிலும் இரண்டு நின்ற கோடுகள். அவற்றைக் கீழே ஒரு படுத்த கோடு சேர்த்தால் ‘ப’. மேலே சேர்த்தால் கால். அச்சில் இந்த வேறுபாட்டை யாரும் கவனிப்பதுகூட இல்லை. கோடு போட்ட நோட்டில், சீவாத பென்சிலால், அழுத்தாமல் எழுதிய பழைய வீட்டுக் கணக்கைப் படியெடுக்க உட்காரும்போது இதுவே தலைவலியாகிறது. ‘ப’வின் அடிக்கோடு, நோட்டில் ஏற்கெனவே அச்சடித்திருக்கும் நீலக் கோட்டின் மேல் போய் உட்கார்ந்து மறைந்துவிடும். காலின் மேற்கோடோ, கை வேகமாக வலப்பக்கம் ஓடும் இடத்தில் விழுவதால், பாதி தேய்ந்திருக்கும். மிஞ்சுவது இரண்டு குச்சிகள். பக்கத்தில் இன்னும் இரண்டு குச்சிகள்.

பென்சில் எழுத்து மங்குவது என்பதைக் கொஞ்சம் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். பென்சில் கருமுனையில் ஈயம் கிடையாது. கிராஃபைட் தூளும் களிமண்ணும் கலந்து சுட்டது அது. 1795-இல் பிரான்சில் நிக்கோலா ழாக் கோன்டே காப்புரிமை பெற்ற முறை இன்றும் அடிப்படையில் மாறவில்லை. கிராஃபைட் வெறும் கார்பன். வெயில் பட்டாலும் வெளுக்காது, பழைய இரும்பு மை போலப் பழுப்பேறாது. ஆகவே பென்சில் எழுத்து மங்கியிருக்கிறது என்றால் அது உதிர்ந்திருக்கிறது, அல்லது தொடக்கத்திலேயே இலேசாக எழுதப்பட்டது. மங்கிய இரும்பு மையைப் புற ஊதா விளக்கில் ஓரளவு மீட்கலாம். உதிர்ந்துபோன கிராஃபைட்டை எந்த விளக்கும் திரும்பக் கொண்டுவராது. இருக்கும் துகளை வைத்துத்தான் பேச வேண்டும்.

அந்தத் துகள் தாளில் எப்படி உட்காருகிறது என்பதிலும் விஷயம் இருக்கிறது. தாளின் மேற்பரப்பு மழமழப்பானது அல்ல. நாரிழைகளால் ஆன மேடு பள்ளம். அழுத்தி எழுதினால் பள்ளத்திலும் கரி இறங்கும். இலேசாக எழுதினால் மேடுகளில் மட்டும் ஒட்டும். அதனால் ஒரே இழுப்பில் போட்ட கோடு, லென்ஸில் பார்க்கும்போது தனித்தனிப் புள்ளிகளின் வரிசையாகத் தெரியும். புதிதாகப் படியெடுப்பவர்கள் இதை இரண்டு கோடு, மூன்று கோடு என்று பிரித்துவிடுவார்கள். துண்டுகள் ஒரே திசையில், ஒரே தடிமனில் போகின்றனவா என்று பார்த்தால் சேர்க்க வேண்டியவற்றைச் சேர்த்துவிடலாம். பெரும்பாலானவர்கள் கையில் கீழ்நோக்கிய கோடு அழுத்தமாகவும் படுத்த கோடு இலேசாகவும் விழும். தமிழில் எழுத்தைப் பிரித்துக் காட்டும் வேலையைப் பல இடங்களில் இந்தப் படுத்த கோடுதான் செய்கிறது என்பது நம் துரதிர்ஷ்டம்.

ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். 1957-இல் நயா பைசா வருவதற்கு முந்தைய வீட்டுக் கணக்கு ஒன்று. வரியின் கடைசியில் ‘½ படி 0-4-0’ என்று தெளிவாக இருக்கிறது: அரைப்படி, நாலணா. முன்னால் உள்ள சொல்தான் பொருளின் பெயர். அதில் தெரிவது: இரண்டு குச்சி, சற்று இடைவெளி விட்டு இன்னும் இரண்டு குச்சி, பிறகு இடப்பக்கம் ஒரு சுழி, சுழிக்கு மேலே ஒரு சின்னப் பொட்டு. ‘பால்’ என்று உடனே தோன்றும். ‘மாவு’ என்றும் இருக்கலாம். ‘ம’வும் ‘ப’வைப் போலவே அடிக்கோட்டில் உட்காரும் எழுத்து; வலப்பக்கக் கோடு மேலே போய் உள்பக்கம் வளைவதில்தான் வேறுபாடு. ‘ல’வுக்கும் ‘வ’வுக்கும் இடப்பக்கச் சுழி பொது. பாலையும் படியில் அளப்பார்கள், மாவையும் படியில் அளப்பார்கள். சூழல் நமக்கு ஒரு உதவியும் செய்யாது. கோடுகளிடம்தான் கேட்க வேண்டும்.

முதலில் கேட்க வேண்டியது இந்தச் சொல்லைப் பற்றி அல்ல. இதே கை, தெளிவாக எழுதிய வரிகளில் எழுத்தை எங்கே உட்காரவைக்கிறது? சிலர் எழுத்தின் அடி நீலக் கோட்டின் மேல் அப்படியே படும்படி எழுதுவார்கள். சிலர் ஒரு மில்லிமீட்டர் தூக்கி, கோட்டைத் தொடாமல் எழுதுவார்கள். இரண்டாம் வகை ஆளாக இருந்தால், அடிக்கோடு தெரியவில்லை என்பதே ஒரு சாட்சி: வெள்ளைத் தாளில் இருந்திருக்க வேண்டியது இல்லை. முதல் வகை ஆளாக இருந்தால், தெரியாதது எதையும் நிரூபிக்காது. இதைப் பார்க்காமல் ‘இங்கே அடிக்கோடு இல்லை, ஆகவே இது ப இல்லை’ என்று முடிவு கட்டுவதுதான் இந்த வேலையில் மிகச் சாதாரணமாக நடக்கும் பிழை.

நம் கணக்கு எழுதியவர் கோட்டின் மேலேயே உட்காரவைப்பவர் என்று வைத்துக்கொள்வோம். இப்போது நீலக் கோட்டைத்தான் ஆராய வேண்டும். கிராஃபைட் சின்னஞ்சிறு தகடுகளால் ஆனது. எழுதும்போது அவை தாளோடு படிந்து கிடக்கும். அதனால் ஒரு குறிப்பிட்ட கோணத்தில் பளபளக்கும். அச்சு மை அப்படிப் பளபளக்காது. ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே நோட்டை வைத்து மெல்ல முன்னும் பின்னும் சாய்த்துக்கொண்டே முதல் ஜோடிக் குச்சிகளுக்கு நடுவே ஓடும் நீலக் கோட்டைப் பார்க்க வேண்டும். அந்தச் சிறு துண்டு மட்டும் ஒரு நொடி வெள்ளிபோல மின்னி அணைந்தால் அங்கே பென்சில் ஓடியிருக்கிறது. இரண்டாம் ஜோடிக்கு நடுவே மின்னவில்லை என்றால் அது கால், அல்லது வால் இல்லாமல் எழுதிய ‘ர’. காசில்லாத சோதனை. லென்ஸைவிட இது எனக்கு அதிகம் பயன்பட்டிருக்கிறது.

படம் எடுத்து வைத்திருந்தால் இன்னொரு வழி உண்டு. நீலக் கோடு நீல ஒளியைத் திருப்பி அனுப்பும், சிவப்பை விழுங்கும். கிராஃபைட்டோ எல்லா நிறத்தையும் ஏறக்குறைய ஒரே அளவு விழுங்கும். ஆகவே வண்ணப் படத்தை மூன்று நிறங்களாகப் பிரித்து நீலப் பிரிவை மட்டும் பார்த்தால், அச்சுக்கோடு மங்கி, பென்சில் நிற்கும். GIMP மென்பொருளில் `Colors → Components → Decompose` என்ற கட்டளை இதைச் செய்யும். ஆனால் தாள் பழுப்பேறியிருந்தால் கணக்கு மாறிவிடும். பழுப்புத் தாள் நீல ஒளியை விழுங்குவதால், நீலப் பிரிவில் பின்னணியே இருண்டுபோய், பென்சில் அதில் கரைந்துவிடும். அப்போது அகச்சிவப்புக் கேமரா உள்ள ஆவணக்காப்பகத்தின் உதவியை நாடுவதுதான் வழி. அந்த ஒளியில் நீல அச்சு மைகள் பலவும் காணாமல் போகும், தாளின் பழுப்புக் கறையும் பெரும்பாலும் வெளுத்துவிடும், கார்பன் மட்டும் கருப்பாகவே இருக்கும்.

கைபேசியில் எடுத்த படத்தை நம்பி முடிவெடுப்பதில் ஓர் ஆபத்து இருக்கிறது. JPEG கோப்பு படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களாக வெட்டிச் சுருக்குகிறது. நிறத்தகவலை இன்னும் தாராளமாகக் கழிக்கிறது. நீலப் பிரிவைத் தனியே எடுத்துக் கருமையைக் கூட்டினால் அந்தக் கட்டங்களின் ஓரங்களே நேர்க்கோடுகளாக எழும்பி வரும். நாம் தேடுவதும் நேர்க்கோடுதான்! எல்லாக் குச்சியும் சரியாக நிமிர்ந்து, சம இடைவெளியில் நிற்கிறதென்றால் சந்தேகப்பட வேண்டும். மனிதக் கை அவ்வளவு ஒழுங்காக எழுதாது.

மூன்றாம் எழுத்துக்கு வருவோம். ‘வு’ என்றால் வலப்பக்கக் கோடு நீலக் கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கியிருக்க வேண்டும். ஆகவே பார்க்க வேண்டிய இடம் எழுத்து அல்ல, எழுத்துக்குக் கீழே உள்ள வெற்றிடம். அங்கே ஒரு கீற்று இருந்தாலும் அவசரப்படக் கூடாது. அடுத்த வரியில் உள்ள ‘டி’, ‘கி’ போன்றவற்றின் மேல்வளைவு எழும்பி வந்த நுனியாகவும் இருக்கலாம். கீற்று எந்தப் பக்கம் அழுத்தமாக இருக்கிறது, எந்தப் பக்கம் தேய்ந்து முடிகிறது என்று பார்த்தால் அது மேலிருந்து வந்ததா கீழிருந்து வந்ததா என்பது பெரும்பாலும் புலப்படும். கரி உதிர்ந்துபோன இடத்தில் பள்ளம் மிஞ்சியிருக்கலாம். விளக்கைத் தாளின் மட்டத்துக்கே இறக்கி, பக்கவாட்டில் ஒளி பாய்ச்சினால் அந்தப் பள்ளம் நிழலாகத் தெரியும். முந்தைய பக்கத்தில் அழுத்தி எழுதியதன் தடமும் இப்படித்தான் தெரியும் என்பதால், முந்தைய பக்கத்தில் அதே இடத்தில் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்த்துவிடுவது நல்லது.

எஞ்சியது அந்தப் பொட்டு. புள்ளியா, கறையா? பூஞ்சைக் கறை பழுப்பாக, ஓரம் கலைந்து இருக்கும், பளபளக்காது. தாளிலேயே புதைந்த கருநார் என்றால் ஒரு முனை மேற்பரப்புக்குக் கீழே போகும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒட்டிய கரியும் உண்டு. மூடிய நோட்டில் எதிரெதிர்ப் பக்கங்கள் உரசும்போது கண்ணாடியில் பார்ப்பதுபோல் இடவலம் மாறிய எழுத்துத் தடங்கள் விழும். எதிர்ப்பக்கத்தில் அதே உயரத்தில், நடுத்தையலிலிருந்து அதே தூரத்தில் ஓர் அழுத்தமான புள்ளி இருக்கிறதா என்று அளந்தால் தெரிந்துவிடும். மிச்சத்தை அந்தக் கையின் பழக்கம் சொல்லும்: அவர் புள்ளியைக் குத்துகிறாரா, சிறு கோடாக இழுக்கிறாரா, எழுத்துக்கு நேர் மேலேயா, வலப்பக்கம் தள்ளியா. புள்ளியே வைக்காமல் எழுதிய பழைய கைகளும் உண்டு. அப்படிப்பட்டவரின் நோட்டில் புள்ளியைக் கண்டால் மகிழ்ச்சியடைவதைவிடச் சந்தேகப்படுவதே மேல்.

நம் வரியில் முதல் ஜோடியின் நடுவே நீலக் கோடு மின்னியது. அதன் வலக்குச்சி மேலே வளையாமல் மொட்டையாக முடிகிறது. கோட்டுக்குக் கீழே கீற்றும் இல்லை, பள்ளமும் இல்லை. பொட்டு பளபளக்கிறது, எதிர்ப்பக்கத்தில் அதற்கு இணை இல்லை என்று வைத்துக்கொள்வோம். ‘பால்’ என்று எழுதலாம். ஆனால் நடு எழுத்தில் ஓர் இடுக்கு மிஞ்சுகிறது. இவர் மற்ற வரிகளில் ‘ர’வுக்கு வால் போடுவதில்லை என்றால், கோடுகளை மட்டும் வைத்து ‘பால்’ எது, ‘பரல்’ எது என்று சொல்ல முடியாது. பரலை யாரும் அரைப்படி நாலணாவுக்கு வாங்க மாட்டார்கள் என்பதால் பால் என்று படிக்கிறோம். அதாவது அந்த ஒரு எழுத்தைத் தாள் தரவில்லை, நாம் தருகிறோம்.

கிரேக்கப் பாப்பிரஸ் ஏடுகளைப் படிப்பவர்கள் இதற்கு ஒரு முறை வைத்திருக்கிறார்கள். 1931-இல் லைடன் நகரில் வகுத்த விதிகளின்படி, சூழலை எடுத்துவிட்டால் வேறு விதமாகவும் படிக்கக்கூடிய எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைக்க வேண்டும். அர்த்தம் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் சரி, கோடு தெளிவாக இல்லையென்றால் புள்ளி உண்டு. மேலே ஏற்கெனவே புள்ளி வைக்கும் தமிழில் இது கண்ணை உறுத்தும், எழுத்துருக்களும் ஒத்துழைக்காது. கணினியில் படியெடுப்பவர்கள் டி.ஈ.ஐ. குறியீட்டைப் பயன்படுத்தலாம்:

```
<unclear>பா</unclear>ல் ½ படி 0-4-0
```

சந்தேகம் காலில் மட்டும்தான். ஆனால் காலைத் தனியே பிரித்து அடைப்புக்குள் போட்டால் திரையில் அது புள்ளிவட்டத்தோடு அநாதையாக நிற்கும். அதனால் ‘பா’ முழுவதையும் சேர்த்து அடைத்துவிட்டு, சந்தேகம் எதில் என்பதைக் குறிப்பில் எழுத வேண்டியிருக்கிறது. ‘ப உறுதி, அடுத்தது கால் அல்லது ர’ என்ற அந்தச் சிறு குறிப்பை, வரியை இன்னொருவர் தனியாகப் படித்து முடிக்கும்வரை அவருக்குக் காட்டக் கூடாது. ‘பால்’ என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டால், அதற்குப் பிறகு அந்தக் குச்சிகளில் வேறெதையும் பார்ப்பது கடினம்.