ஒட்டுப்போட்ட விலையில் ஒளிந்திருக்கும் பொய் லாபம்

2020 ஏப்ரல் 20, திங்கட்கிழமை. நியூயார்க்கின் நைமெக்ஸ் சந்தையில் மே மாதக் கச்சா எண்ணெய் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் பீப்பாய்க்கு மைனஸ் 37.63 டாலரில் முடிந்தது. கொரோனா ஊரடங்கில் எண்ணெய் வாங்க ஆளில்லை. ஒப்பந்தப்படி எண்ணெய் கைமாற வேண்டிய இடமான ஓக்லஹோமா மாநிலத்துக் குஷிங் நகரில், தொட்டிகளில் இடம் கிடைப்பது அரிதாகியிருந்தது. மறுநாள் ஒப்பந்தத்தின் கடைசி நாள். எண்ணெயை எடுத்துக்கொள்ள வழியில்லாதவர்கள், கையிலிருந்து பணம் கொடுத்தாவது ஒப்பந்தத்தைத் தள்ளிவிட்டார்கள்.

அந்த நாட்களில் மே, ஜூன் ஒப்பந்தங்களின் செட்டில்மென்ட் விலைகள், டாலரில்:

| நாள் | மே | ஜூன் |
|---|---|---|
| ஏப்ரல் 17 | 18.27 | 25.03 |
| ஏப்ரல் 20 | –37.63 | 20.43 |
| ஏப்ரல் 21 | 10.01 | 11.57 |

ஒரு வர்த்தக உத்தியைப் பழைய விலைகளில் ஓட்டிப் பார்ப்பதைத்தான் பேக்டெஸ்ட் என்கிறார்கள். அதற்குப் பத்து, இருபது ஆண்டு விலை வரிசை வேண்டும். ஆனால் ஃபியூச்சர்ஸ் ஒப்பந்தம் ஒவ்வொன்றும் சில மாதங்களே சூடாக வர்த்தகமாகி, எக்ஸ்பைரி நாளில் மறைந்துவிடும். எனவே மே முடிந்ததும் ஜூன், ஜூன் முடிந்ததும் ஜூலை என்று துண்டுகளை ஒட்டித்தான் நீண்ட வரிசையைச் செய்ய வேண்டும்.

அப்படியே ஒட்டினால் என்ன ஆகும் என்பதை அட்டவணையில் பார்க்கலாம். 20-ஆம் தேதி வரை மே, 21 முதல் ஜூன் என்று வைத்துக்கொள்வோம். வரிசையில் மைனஸ் 37.63-க்கு அடுத்து 11.57 வரும். ஒரே நாளில் 49.20 டாலர் ஏற்றம். ஒரு லாட் 1,000 பீப்பாய் என்பதால், வாங்கி வைத்திருந்தவருக்கு 49,200 டாலர் லாபம் என்று கணினி எழுதிக்கொள்ளும்.

உண்மையில் நடந்தது வேறு. 20-ஆம் தேதி முடிவில் மேயை விற்று ஜூனுக்கு மாறியவர், ஜூனை 20.43-க்கு வாங்கியிருப்பார். மறுநாள் அது 11.57-க்கு இறங்கியது. அவருக்கு லாட்டுக்கு 8,860 டாலர் நஷ்டம். பெரும் நஷ்டம் பேக்டெஸ்டில் பெரும் லாபமாக மாறிவிட்டது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 58.06 டாலர், 20-ஆம் தேதி மேக்கும் ஜூனுக்கும் இடையே இருந்த அதே இடைவெளி. மார்ச் வரை அண்ணனின் உயரத்தையும் ஏப்ரலில் தம்பியின் உயரத்தையும் ஒரே ஏட்டில் எழுதிவிட்டு, பையன் குள்ளமாகிவிட்டான் என்பதைப் போன்ற பிழை இது.

திருத்தும் முறை எளிது. மாறும் நாளில் இரண்டு ஒப்பந்தங்களின் விலையையும் எடுத்து, புதியதிலிருந்து பழையதைக் கழிக்க வேண்டும். கிடைக்கும் இடைவெளியை, அந்த நாள் உட்பட அதற்கு முந்தைய எல்லா விலைகளுடனும் கூட்ட வேண்டும். 20-ஆம் தேதி மாறினால் இடைவெளி 58.06. மேயின் மைனஸ் 37.63 இப்போது 20.43 ஆகிறது, அடுத்த நாள் 11.57. வரிசை இப்போது 8.86 டாலர் இறக்கத்தைச் சரியாகக் காட்டுகிறது. அடுத்த ஒப்பந்தத்துக்கு மாறும்போதும் இதையே செய்ய, இடைவெளிகள் ஒன்றின்மேல் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். இரண்டு விலையும் ஒரே நேரத்தைச் சேர்ந்தவையாக இருப்பது முக்கியம். பழையதில் மதியம் நடந்த கடைசி வர்த்தகத்தையும் புதியதில் மாலைச் செட்டில்மென்ட் விலையையும் எடுத்தால், பொய் இடைவெளி சிறிய அளவில் மறுபடி நுழைந்துவிடும்.

இந்தத் திருத்தம் பொய்யை மட்டுமே நீக்கும், மெய்யான நஷ்டத்தை நீக்காது. திருத்திய வரிசையில் 17-ஆம் தேதி விலை 18.27-உம் 58.06-உம் சேர்ந்து 76.33. அங்கிருந்து 20.43-க்கு, அதாவது 55.90 டாலர் சரிவு. மேயைப் பிடித்துக்கொண்டிருந்தவர் பட்ட அடி அதுவேதான். மாறாக 17-ஆம் தேதியே ஜூனுக்கு மாறியிருந்தால் இடைவெளி வெறும் 6.76. வரிசை 25.03, 20.43, 11.57 என்று போகும். திங்கட்கிழமை நஷ்டம் 4.60 மட்டும். இரண்டு வரிசைகளும் கணக்குப்படி சரியானவை. எந்த நாளில் மாறுவது என்பது உத்தியின் ஒரு பகுதி.

பெரும்பாலோர் எக்ஸ்பைரி வரை காத்திருப்பதில்லை. அடுத்த மாத ஒப்பந்தத்தின் வால்யூம் நடப்பு மாதத்தை மிஞ்சியதும் மாறுவது ஒரு வழக்கம். அதிலும் ஒரு கண்ணி உண்டு. ஒரு நாளின் வால்யூம் சந்தை மூடிய பிறகுதான் முழுதாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு அதே நாள் முடிவு விலையில் மாறியதாக எழுதினால், தெரியாததைத் தெரிந்ததாக வைத்துக்கொள்கிறோம். மாற்றத்தை மறுநாளுக்குத் தள்ளுவதே நேர்மை. ஒவ்வொரு மாற்றமும் ஒரு விற்பனை, ஒரு கொள்முதல். அதற்கான தரகையும் கணக்கில் கழிக்க வேண்டும்.

கூட்டல் முறையின் குறை, பழைய விலைகள் நிஜத்தை விட்டு விலகிப்போவது. 76.33 என்ற விலையில் அன்று யாரும் எண்ணெய் வாங்கவில்லை. தூர மாதம் மலிவாகவே இருந்துவரும் சந்தையில் இடைவெளிகள் மைனஸில் சேர்ந்து, பத்தாண்டுக்கு முந்தைய விலை பூஜ்யத்துக்கும் கீழே போகலாம். அந்த எண்ணை வைத்துச் சதவீதம் கணக்கிட்டால் அபத்தம்தான் கிடைக்கும்.

சதவீதம் வேண்டுமென்றால் கூட்டுவதற்குப் பதில் பெருக்க வேண்டும். 17-ஆம் தேதி மாற்றத்துக்கு 25.03-ஐ 18.27-ஆல் வகுத்தால் 1.37. பழைய விலைகளை எல்லாம் 1.37-ஆல் பெருக்கினால் தினசரிச் சதவீத மாற்றம் அப்படியே நிற்கும். விலையும் பூஜ்யத்துக்குக் கீழே போகாது. ஆனால் 20-ஆம் தேதி இதைச் செய்து பாருங்கள்: 20.43-ஐ மைனஸ் 37.63-ஆல் வகுத்தால் விகிதமே மைனஸ். அதற்கு முந்தைய வரலாறு முழுவதும் தலைகீழாகிவிடும். நம் நாட்டு எம்.சி.எக்ஸ். சந்தையும் அந்த மாதக் கச்சா எண்ணெய் ஒப்பந்தத்தைப் பீப்பாய்க்கு மைனஸ் 2,884 ரூபாயில் முடித்தது. அந்த வரிசையை எக்ஸ்பைரி நாளில் ஒட்டுபவருக்கும் இதே முட்டுச்சந்துதான்.

ஆகவே தேர்ந்தவர்கள் ஒரே வரிசையை எல்லாவற்றுக்கும் பயன்படுத்துவதில்லை. லாப நஷ்டத்துக்கும் சராசரி போன்ற போக்குக் கணக்குகளுக்கும் திருத்திய வரிசை. எத்தனை லாட் வாங்கலாம், எவ்வளவு மார்ஜின் கட்ட வேண்டும் என்பதற்கு அன்று திரையில் இருந்த அசல் விலை. "50 டாலருக்குக் கீழே வந்தால் வாங்கு" போன்ற விதியைத் திருத்திய வரிசையில் சோதிக்கவே கூடாது. ஒவ்வொரு புது மாற்றத்திலும் பழைய விலைகள் நகர்வதால், இன்று 50 என்று தெரிவது அடுத்த மாதம் 53 ஆகியிருக்கும்.

வரிசை சரியா என்று பார்க்க ஒரு சோதனை போதும். ஒட்டிய வரிசையை ஒதுக்கி வைத்துவிட்டு, ஒவ்வொரு ஒப்பந்தத்தையும் எந்த விலைக்கு வாங்கி எந்த விலைக்கு விற்றோம் என்று தனித்தனியாக எழுதி, ஒரு லாட்டின் லாப நஷ்டத்தைக் கூட்டுங்கள். கூட்டல் முறையில் திருத்திய வரிசையின் முதல் விலைக்கும் கடைசி விலைக்கும் உள்ள வித்தியாசத்தை லாட் அளவால் பெருக்கினால், தரகு நீங்கலாக அதே தொகை வர வேண்டும். வராவிட்டால், மாறிய நாட்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். பிழை அநேகமாக அங்கேதான் இருக்கும்.