அட்டை சீக்கிரம் தீர்கிறதா? அதுதான் முதல் அறிகுறி

“பிரஷர் மாத்திரையை மூணு மாசத்துக்கு எழுதித் தர்றீங்க. தூக்க மாத்திரைக்கு மட்டும் பத்து நாள்தானா? மெடிக்கல்ல போய்க் கேட்டா, இந்தச் சீட்டுக்கு ஏற்கெனவே குடுத்தாச்சுன்னு திருப்பி அனுப்புறாங்க. நாங்க என்ன திருடங்களா டாக்டர்?”

மனநல மருத்துவராக இந்தக் கோபத்தை அடிக்கடி எதிர்கொள்கிறேன். கோபப்படுபவர்கள் பெரும்பாலும் நல்ல மனிதர்கள். ஓய்வுபெற்றவர்கள், துணையை இழந்தவர்கள், இரவுப் பணியில் தூக்கம் கெட்டவர்கள். தங்களைச் சந்தேகப்படுகிறார்கள் என்று நினைத்துப் புண்படுகிறார்கள். மாத்திரையைக் குறைவாகக் கொடுப்பதும் நாளுக்கு முன்னால் கேட்டால் மறுப்பதும் சந்தேகத்தால் அல்ல. ரத்தப் பரிசோதனையிலும் ஸ்கேனிலும் தெரியாத ஒரு நோயை அந்தச் சின்ன அளவுதான் முதலில் காட்டிக்கொடுக்கிறது.

பத்து மாத்திரை, ஆறு நாள்

ஒருவருக்கு இரவில் ஒன்று வீதம் பத்து நாளுக்கு அல்பிரசோலம் எழுதுகிறேன். ஏழாம் நாள் காலை வந்து, தீர்ந்துவிட்டது என்கிறார். ஆறு இரவில் பத்து மாத்திரை போயிருக்கிறது. அப்படியானால் சில இரவுகளில் இரண்டு விழுங்கியிருக்கிறார். ஒன்று போதவில்லை என்று உடல் கேட்கத் தொடங்கிவிட்டது. அல்லது வீட்டில் வேறு யாரோ எடுக்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் எனக்கு அன்றே தெரிய வேண்டும்.

இதே மனிதருக்கு நூறு மாத்திரை கொடுத்திருந்தால்? இரண்டு மூன்றாகி, மூன்று நான்காகி, அவரே உணராமல் மாதங்கள் ஓடியிருக்கும். நான் அறியும்போது விடுவிப்பது பெரும்பாடாகியிருக்கும். தேதிக்கு முன் அட்டை தீர்வதுதான் அடிமைத்தனத்தின் முதல் அறிகுறி.

சட்டம் ஏன் இவ்வளவு கண்டிப்பு?

அல்பிரசோலம், குளோனசிபாம், டயஸிபாம், லோரசிபாம், நைட்ரசிபாம், சோல்பிடம் ஆகியவை 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் பட்டியலில் இருப்பவை. அட்டையில் சிவப்பில் அச்சிட்டிருக்கும் ‘என்.ஆர்.எக்ஸ்’ என்ற எழுத்துகளுக்கு இதுதான் பொருள். இவற்றில் அல்பிரசோலம், டயஸிபாம், நைட்ரசிபாம், சோல்பிடம் ஆகியவற்றை 2013-இல் அறிவித்த ‘எச்-1’ அட்டவணையிலும் அரசு சேர்த்தது. 2014 மார்ச் முதல் நடைமுறையில் இருக்கும் அந்த விதிப்படி, மருந்துக் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் மருத்துவர் பெயர், முகவரி, நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாவற்றையும் எழுதி மூன்று ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும்.

சீட்டுக்கும் விதி உண்டு. ‘மறுபடியும் தரலாம்’ என்று மருத்துவர் எழுதாவிட்டால் ஒரு சீட்டுக்கு ஒருமுறைதான் மருந்து. கொடுத்த கடையின் பெயரையும் தேதியையும் அதே சீட்டில் குறிக்க வேண்டும். ஆகவே, “பழைய சீட்டு செல்லாது” என்று சொல்லும் கடைக்காரர் தன் கடமையைச் செய்கிறார். சண்டை போடாதீர்கள். சீட்டே கேட்காமல் அட்டையை நீட்டுபவர்தான் உங்களுக்குக் கெடுதல் செய்கிறார்.

இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தால் என்ன ஆகும் என்பதற்குத் தெலங்கானாவே சாட்சி. அங்கே சில இடங்களில் கள்ளில் அல்பிரசோலம் கலந்து விற்றார்கள். குடித்தவர்களுக்குத் தெரியாமலே உடல் மருந்துக்குப் பழகியது. 2020 ஊரடங்கில் கள் நின்றதும் கைநடுக்கம், பிதற்றல், வலிப்பு என்று பலர் ஹைதராபாத் மனநல மருத்துவமனைக்கு வந்தார்கள்.

நம்பிக்கைகளும் உண்மைகளும்

*“மாத்திரை போட்டால்தான் தூக்கம் வருகிறது. அப்படியென்றால் என் நோய் இன்னும் இருக்கிறது.”*

நான் அதிகம் மறுக்க வேண்டியிருப்பது இதைத்தான். இந்த மாத்திரைகள் மூளையின் விழிப்பை அடக்கித் தூக்கம் தருகின்றன. தினமும் எடுத்தால் சில வாரங்களிலேயே மூளை அந்த அடக்குதலுக்கு ஈடாகத் தன் விழிப்பைக் கூட்டிக்கொள்கிறது. மாத்திரையை நிறுத்திய இரவில் அடக்குவது போய்விடுகிறது, கூடிய விழிப்பு மட்டும் மிஞ்சுகிறது. பழைய தூக்கமின்மையைவிட மோசமான இரவு வருகிறது. நெஞ்சு படபடக்கிறது, வியர்க்கிறது, சின்னச் சத்தமும் காதில் அடிக்கிறது. “பார்த்தீர்களா, நோய் போகவில்லை” என்று மறுபடி மாத்திரையைத் தேடுகிறார்கள். அந்த இரவை உண்டாக்கியதே மாத்திரைதான். அதனால்தான் இரண்டு வாரம், மிஞ்சினால் நான்கு வாரம் என்று எல்லை வைக்கிறோம்.

*“அடிமையாகிவிட்டேன் என்கிறீர்களே, அப்படியென்றால் இன்றோடு நிறுத்திவிடுகிறேன்.”*

தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். மாதக்கணக்கில் எடுத்தவர் ஒரேயடியாக விட்டால் வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். ரோஷத்தில் அட்டையைக் குப்பையில் போட்டுவிட்டு, மூன்றாம் நாள் வலிப்போடு அவசரப் பிரிவுக்கு வருபவர்கள் இருக்கிறார்கள். முன்கூட்டித் தர மறுப்பதன் பொருள் வெறுங்கையோடு வீட்டுக்கு அனுப்புவது அல்ல. “மருத்துவரை உடனே பாருங்கள்” என்பதே அதன் பொருள். இதை மருந்துக் கடைக்காரர்களும் மருத்துவர்களும்கூட மனத்தில் வைக்க வேண்டும்.

*“சோல்பிடம் புது மருந்து, அது பழக்கமாகாது.”*

ஆகும். போதாக்குறைக்கு, மறுநாள் காலையிலும் அதன் மந்தம் மிச்சமிருக்கலாம். பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது என்று கண்டு, 2013-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு பெண்களுக்கான ஆரம்ப அளவைப் பாதியாக்கி 5 மில்லிகிராம் ஆக்கியது. தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது என்று விபரீதங்கள் நடந்ததால் 2019-இல் மிகக் கடுமையான எச்சரிக்கையையும் சேர்த்தது.

*“பக்கத்து வீட்டு அம்மாவுக்கு ஒத்துக்கொண்டது, எனக்கும் ஒன்று கொடுத்தார்.”*

இதைக் கேட்கும்போது எனக்குப் பொறுமை போய்விடுகிறது. அந்த அம்மாவின் வயது வேறு, எடை வேறு, கல்லீரல் வேறு. குறட்டையோடு மூச்சு நின்று நின்று வருபவர் இந்த மாத்திரையை விழுங்கினால் மூச்சு இன்னும் தடைபடும். மதுவோடு, வலுவான வலி மாத்திரையோடு, மயக்கம் தரும் சளி மருந்தோடு சேர்ந்தால் மூச்சு அடங்கியே போகலாம். முதியவர் இரவில் கழிப்பறைக்கு எழுந்து தடுமாறி விழுந்தால் இடுப்பு எலும்பு முறியலாம். அதற்குப் பிறகு பலர் பழையபடி நடப்பதே இல்லை.

*“அப்படியானால் ஜாதிக்காய் அரைத்துக் குடிக்கிறேன். இயற்கைதானே?”*

சமையலில் சேரும் சிட்டிகையோடு நிறுத்துங்கள். தூக்கம் வரவில்லை என்று முழுக்காயை அரைத்துக் குடித்தால் படபடப்பும் வாந்தியும் மனக்குழப்பமும் வரும். தூக்க மாத்திரையோடு சேர்த்துக் குடிப்பது இன்னும் மோசம்.

ஒரு ஆசிரியையின் ஏழு மாதங்கள்

அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அறுபதைக் கடந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவர் இறந்த வாரத்தில் ஒரு மருத்துவர் அல்பிரசோலம் 0.5 மில்லிகிராம் பத்து நாளுக்கு எழுதினார். அந்தச் சீட்டைக் காட்டி மூன்று ஆண்டுகள் வாங்கியிருக்கிறார். ஒரு மாத்திரை மூன்றாகியிருந்தது. கடை கைமாறி, புதியவர் மறுத்த பிறகுதான் மகள் என்னிடம் அழைத்து வந்தார். மறதி, தள்ளாட்டம், பகலில் எரிச்சல் எல்லாம் வயதால் வந்தவை என்று வீட்டில் நினைத்திருந்தார்கள்.

அவர் எடுத்துக்கொண்டிருந்த 1.5 மில்லிகிராமை அன்றே குறைக்கவில்லை. முதலில் அதையே நிலைப்படுத்தினோம். வாரத்துக்கு உரியதை மட்டும் எழுதினேன், மகள் பொறுப்பில் வைத்துக்கொண்டார். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 0.25 குறைத்தோம். ஒரு மில்லிகிராமுக்கு வந்ததும் படியைச் சின்னதாக்கி, 0.25 மாத்திரையில் பாதி பாதியாகக் குறைத்தோம். கடைசிப் படிகள்தான் கடினமானவை. அங்கே ஒவ்வொரு படியிலும் மூன்று வாரத்துக்கு மேல் நின்றோம்.

நான்காம் மாதம் ஒரு முறை ஆறாம் நாளே வந்தார். வாரத்துக்கான மாத்திரை தீர்ந்துவிட்டது. கணவரின் நினைவு நாளில் மகளிடம் கெஞ்சி, இரண்டு இரவு இரட்டிப்பாக எடுத்திருக்கிறார். திட்டவில்லை. அடுத்த வார மாத்திரையை முன்கூட்டிக் கொடுக்கவும் இல்லை. மிச்ச இரவுகளுக்கு உரிய இரண்டு நாள் அளவை மட்டும் எழுதினேன். குறைப்பதை இரண்டு வாரம் நிறுத்தி, அந்த நாட்களில் அவருடைய துக்கத்தைப் பற்றிப் பேசினோம். மூன்று ஆண்டுகளாக மாத்திரை மூடிவைத்திருந்தது அந்தத் துக்கத்தைத்தான். மாதத்துக்கு மொத்தமாகக் கொடுத்திருந்தால் அந்த இரண்டு இரவுகளை நான் அறிந்தே இருக்க மாட்டேன்.

கூடவே தூக்கத்துக்கான பயிற்சியும் நடந்தது. எப்போது தூங்கினாலும் காலை ஐந்தரைக்கு எழுந்துவிட வேண்டும். தூக்கம் வந்தால்தான் படுக்கை, இருபது நிமிடம் போல விழித்துக் கிடந்தால் எழுந்து வேறு அறைக்குப் போக வேண்டும். மதியத் தூக்கமும் மாலைக் காபியும் கிடையாது. ஏழாம் மாதம் மாத்திரை நின்றது. இப்போது ஐந்தரை, ஆறு மணி நேரம் தூங்குகிறார். தள்ளாட்டமும் போய்விட்டது.

இந்தக் கணக்கை யாரும் வீட்டில் தாங்களாகப் பின்பற்றக் கூடாது. மருந்தும் வயதும் மற்ற நோய்களும் மாறினால் படியும் மாறும்.

பரிசோதனை

தூக்கம் கெடுவதற்கு வேறு உடல் காரணம் உண்டா என்று அறிய: தைராய்டு, ரத்தசோகை, சர்க்கரை, தேவையானால் குறட்டைக்கான தூக்கப் பரிசோதனை. அவ்வளவு போதும்.

கெஞ்சிக் கேட்கிறேன்

முதல் சீட்டு வாங்கும்போதே, “இதை எந்தத் தேதியில் நிறுத்த வேண்டும்?” என்று கேட்டு எழுதி வாங்குங்கள். அட்டை முன்கூட்டித் தீர்ந்தால், பேருந்தில் தொலைந்தது என்று கதை சொல்லாதீர்கள். வேறு கடை, வேறு மருத்துவர் என்று அலையவும் வேண்டாம். “கூடுதலாகப் போட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். உங்களைக் காப்பாற்ற எங்களுக்கு அந்த ஒரு வாக்கியம் போதும். வெளியூர்ப் பயணம் என்றால் முன்பே சொல்லுங்கள், அதற்கேற்ப எழுதித் தருகிறோம். அமீரகம், சிங்கப்பூர் போன்ற நாடுகளுக்குப் போகிறவர்கள் அந்நாட்டு முன் அனுமதி வேண்டுமா என்று பார்க்காமல் இந்த மாத்திரைகளைப் பெட்டியில் வைக்காதீர்கள்.

மிச்ச மாத்திரைகளை ‘அவசரத்துக்கு ஆகும்’ என்று சேர்த்துவைக்காதீர்கள். வீட்டில் மனம் உடைந்த ஒருவர் இருக்கும்போது கைக்கெட்டும் இடத்தில் கிடக்கும் அட்டைகள் ஆபத்தானவை. நாங்கள் குறைவாக எழுதுவதற்கு இதுவும் ஒரு காரணம். பூட்டி வையுங்கள், மிஞ்சியதை மருத்துவமனையிலோ கடையிலோ கொடுத்து அழிக்கச் சொல்லுங்கள். வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் வந்தால், எந்த நேரமானாலும் 14416 என்ற டெலி-மானஸ் எண்ணை அழையுங்கள். தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை: அப்பா அம்மாவின் மாத்திரை டப்பாவை இன்றைக்கே திறந்து பாருங்கள். சிவப்பு எழுத்து அட்டை இருந்தால், யார் எழுதியது, எப்போது எழுதியது என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர்கள் தயங்கினால், அட்டையைப் பிடுங்காமல், அவர்களையும் அட்டையையும் சேர்த்து மருத்துவரிடம் அழைத்து வாருங்கள்.