ஏழு துளி நீர்

வேதியியல் ஆய்வகங்களின் ரெக்கார்டு நோட்டுகளில் ‘உலர்ந்த குடுவை எடுத்துக்கொள்ளப்பட்டது, உலர் ஈதர் சேர்க்கப்பட்டது’ என்ற வரிகளை அடிக்கடி பார்க்கலாம். ஏன் உலர்த்த வேண்டும், எவ்வளவு உலர்த்த வேண்டும் என்று எழுதியவர்கள் குறைவு. கிரிக்னார்டு வினையில் அந்த இரண்டு கேள்விகளுக்கும் எண்ணாலேயே பதில் சொல்ல முடியும்.

பிரான்ஸின் லியோன் நகரில் ஃபிலிப் பார்பியேரிடம் படித்த விக்டர் கிரிக்னார்டு 1900-இல் இந்த வினையை வெளியிட்டார். 1912-இல் பால் சபாத்தியேவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். உலர்ந்த ஈதரில் மக்னீசியத்தையும் ஒரு கரிம ஹாலைடையும் சேர்த்தால், மக்னீசியம் கார்பனுக்கும் ஹாலஜனுக்கும் நடுவே போய் உட்கார்ந்துகொள்ளும். அப்படிக் கிடைக்கும் பொருளில் கார்பன் எலெக்ட்ரான் செறிவோடு இருக்கும். கீட்டோனில் ஆக்சிஜனோடு இரட்டைப் பிணைப்பில் உள்ள கார்பனோ எலெக்ட்ரான் பற்றாக்குறையில் இருக்கும். இரண்டும் சேர்ந்து புதிய கார்பன்–கார்பன் பிணைப்பு உருவாகும்.

கல்லூரி ஆய்வகங்களில் செய்யப்படும் ஒரு சோதனையை எடுத்துக்கொள்வோம். 0.5 கிராம் மக்னீசியத் துருவல், 2.1 மி.லி. புரோமோபென்சீன், 25 மி.லி. ஈதர். இவற்றிலிருந்து ஃபீனைல்மக்னீசியம் புரோமைடு, C₆H₅MgBr, கிடைக்கும். அதோடு 3.28 கிராம் பென்சோபினோன் என்ற கீட்டோனைச் சேர்த்தால், கடைசியில் டிரைஃபீனைல்மெத்தனால் என்ற வெள்ளைப் படிகம் வரும். எல்லாம் சரியாக நடந்தால் அதன் எடை 4.69 கிராம். மூலக்கூறு எண்ணிக்கையில் சொன்னால் வினைபொருள் 20 மில்லிமோல், கீட்டோன் 18 மில்லிமோல். வினைபொருளில் கூடுதலாக இருப்பது வெறும் 2 மில்லிமோல்.

இப்போது நீர். வினைபொருளின் கார்பன் ஒரு வலிமையான காரம். கீட்டோனைத் தேடிப் போவதற்கு முன்பே நீரிலிருந்து ஒரு புரோட்டானைப் பறித்துக்கொண்டு பென்சீனாகிவிடும். பென்சீனான பிறகு அதற்கு இந்த வினையில் வேலையே இல்லை. ஒரு நீர் மூலக்கூறு, குறைந்தது ஒரு வினைபொருள் மூலக்கூறை இப்படிச் செயலிழக்கச் செய்யும். 20 மில்லிமோல் நீர் என்பது 0.36 மி.லி.; அதாவது சுமார் ஏழு துளி. மொத்த சோதனையையும் அழிக்க அது போதும். ஒரே ஒரு துளி, சுமார் 2.8 மில்லிமோல், நம் கையிருப்பான 2 மில்லிமோலைத் தாண்டிவிடுகிறது.

அந்த நீர் எங்கிருந்து வரும்? காற்றிலிருந்து என்றுதான் பலரும் எழுதுகிறார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சென்னையில் 30 டிகிரி வெப்பம், 80 விழுக்காடு ஈரப்பதம் உள்ள நாளில் ஒரு லிட்டர் காற்றில் சுமார் 24 மில்லிகிராம் நீராவி இருக்கும். 250 மி.லி. குடுவைக்குள் அடைபட்ட காற்றில் 6 மில்லிகிராம், 0.3 மில்லிமோல்தான். அது பெரிய சேதமில்லை. ஈதரைப் பாருங்கள். நீரோடு குலுக்கிப் பிரித்த ஈதர், 100 கிராமுக்குச் சுமார் 1.3 கிராம் நீரைத் தனக்குள் கரைத்து வைத்திருக்கும். பார்வைக்குத் தெளிவாகவே இருக்கும். அப்படிப்பட்ட ஈதர் 25 மி.லி. ஊற்றினால் 13 மில்லிமோல் நீர் உள்ளே போய்விடும். வினைபொருளில் பாதிக்கு மேல் போச்சு. சோடியம் கம்பி போட்டு உலர்த்திய ஈதரை வலியுறுத்துவது இதனால்தான். கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும் ஈரத்தைப் போக்கக் குடுவையை 110 டிகிரி அடுப்பில் காயவைத்து, சூட்டோடு பொருத்தி, கால்சியம் குளோரைடு குழாயை மாட்டி ஆறவிடுகிறோம். அந்தக் குழாய், மணிக்கணக்கில் உள்ளே வந்துபோகும் காற்றின் ஈரத்தைத் தடுக்கிறது.

இவ்வளவு செய்தும் வினை தொடங்காமல் அடம்பிடிப்பதுண்டு. துருவலின் மேலுள்ள ஆக்சைடு படலம் அதற்குக் காரணம். ஒரு சிறு அயோடின் படிகம் போட்டோ, கண்ணாடித் தண்டால் நசுக்கியோ புதிய உலோகப் பரப்பை வெளிக்கொண்டு வரலாம். அயோடின் நிறம் மறைந்து, கரைசல் கலங்கி, வெளியிலிருந்து சூடேற்றாமலே ஈதர் கொதித்தால் வினை தொடங்கிவிட்டது. ஈதர் 35 டிகிரிக்கும் குறைவாகவே கொதிப்பது. தொடங்குவதற்கு முன் பொறுமையிழந்து புரோமோபென்சீன் முழுவதையும் ஊற்றிவிட்டால், பிறகு எல்லாம் ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டு ஈதர் பொங்கி வெளியேறும். அருகில் தீ இருந்தால் விபத்து. சொட்டுச் சொட்டாகச் சேர்ப்பதில் இன்னொரு நன்மையும் உண்டு. குடுவையில் மிச்சமிருக்கும் புரோமோபென்சீன் எப்போதும் குறைவாக இருப்பதால், அது உருவான வினைபொருளோடு இணைந்து பைஃபீனைல் என்ற வேண்டாத பொருளாவதும் குறையும்.

கீட்டோனை ஈதரில் கரைத்து மெல்லச் சேர்க்கும்போது சிவப்பு நிறம் தோன்றி, பின் இளஞ்சிவப்புக் கட்டி படியும். அது இன்னும் ஆல்கஹால் ஆகவில்லை. ஆக்சிஜனில் மக்னீசியம் ஒட்டிய உப்பு. அதை ஆல்கஹாலாக்க ஒரு புரோட்டான் வேண்டும். இவ்வளவு நேரம் அண்டவிடாத நீரை இப்போதுதான் ஊற்றுகிறோம். வினைபொருள் கீட்டோனைச் சந்தித்து முடித்துவிட்டதால் நீரால் இனிப் பாதிப்பில்லை.

வெறும் நீரை ஊற்றினால் மக்னீசியம் ஹைட்ராக்சைடு கூழாகத் திரண்டு, பிரிபுனலில் இரண்டு அடுக்கும் பிரியாமல் மல்லுக்கட்டும். அமிலம் அதைக் கரைக்கும். ஆனால் வலிய அமிலத்தை ஊற்றிவிடக்கூடாது. டிரைஃபீனைல்மெத்தனால் வலிய அமிலத்தில் ஹைட்ராக்சில் தொகுதியை இழந்து மஞ்சள் நிற நேர்மின் அயனியாக மாறும். அமிலம் ஒட்டிக்கொண்ட படிகத்தை எத்தனாலில் மறுபடிகமாக்கினால் கொஞ்சம் ஈதர் சேர்மமாகவும் மாறிவிடும். அசிட்டோன் போன்ற கீட்டோனிலிருந்து வரும் மூவிணைய ஆல்கஹால்கள் நீரையே இழந்து அல்கீனாகும். அதனால் பனிக்கட்டியில் குளிர்வித்து, மென்மையான அமிலமான அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சிறுகச் சிறுக விடுவது நல்லது. மிச்சமிருக்கும் வினைபொருள் நீரைக் கண்டதும் சூடு வரும், ஈதர் கொதிக்கும். கரையாத மக்னீசியத் துணுக்கிலிருந்து ஹைட்ரஜன் குமிழும். அருகில் தீ இருக்கவே கூடாது.

அறிக்கையில் விளைச்சலைப் பற்றி எழுதும் பகுதிதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 3 கிராம் தூய படிகம் கிடைத்தது என்று வைத்துக்கொள்வோம், 64 விழுக்காடு. ‘ஈரம் காரணமாக இருக்கலாம்’ என்று எழுதி நிறுத்தினால் அது ஊகம். ஈரம் காரணமென்றால் 6.5 மில்லிமோல் பென்சோபினோன், அதாவது 1.2 கிராம், வினைபுரியாமல் எங்கோ இருக்க வேண்டும். பச்சைப் படிகத்தைப் பெட்ரோலியம் ஈதரால் கழுவிய நீர்மத்தில் பென்சோபினோனும் பைஃபீனைலும் கரைந்து வந்திருக்கும். டிரைஃபீனைல்மெத்தனால் அதில் கரைவது மிகக் குறைவு. அந்தக் கழுவலை ஆவியாக்கி, எஞ்சியதை எடைபோட்டு, அகச்சிவப்பு நிறமாலை எடுக்கலாம். 1660 cm⁻¹ அருகே கார்போனைல் பட்டை வலுவாகத் தெரிந்தால் கீட்டோன் மீந்திருக்கிறது, வினைபொருள் போதவில்லை. அதோடு பைஃபீனைலும் நிறைய இருந்தால் புரோமோபென்சீனை வேகமாகச் சேர்த்ததில் ஒரு பங்கு பழி உண்டு. கழுவலில் கீட்டோனே இல்லையென்றால் வினை நன்றாகவே நடந்திருக்கிறது; இழந்தது பிரிபுனலிலோ, மறுபடிகமாக்கிய எத்தனாலிலோ. அப்போது குடுவையை மேலும் காயவைப்பதால் விளைச்சல் கூடாது. எத்தனால் அளவைக் குறைத்துப் பார்க்க வேண்டும்.