ஜல்லி போட்டு மூடிய குழி

2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர்ச் சேகரிப்பு கட்டாயமானபோது, சென்னையின் அடுக்குமாடி வளாகங்கள் பலவற்றில் அவசர அவசரமாகக் குழி தோண்டி, ஜல்லியும் மணலும் கொட்டி மூடினார்கள். இரண்டு மூன்று மழைக்காலத்தில் வண்டல் இறங்கி ஜல்லியின் இடுக்கெல்லாம் அடைத்துக்கொண்டது. மேலிருந்து பார்த்தால் குழி இருக்கும். தண்ணீர் மட்டும் இறங்காது. நிரப்பிய குழியைத் தூர் வாரவும் முடியாது.

அதனால் இப்போது ஒரு குடியிருப்போர் சங்கம் திட்டம் போட்டால், உள்ளே காலியாக இருக்கும் உறைக்கிணற்றைக் கேட்பதே நல்லது. மூன்றடி அகலம், பதினைந்தடி ஆழம், துளையிட்ட சிமென்ட் உறைகள், மேலே ஆள் இறங்கும்படி திறக்கும் மூடி. குழிக்கு முன்னால் ஒரு சிறு வண்டல் தொட்டி. குப்பையும் மண்ணும் அங்கேயே தங்கிவிடும்.

எத்தனை குழி வேண்டும்? 24 வீடுகள், 6,000 சதுர அடி மொட்டை மாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் பெய்தால் ஒரு லிட்டர். ஐந்து சென்டிமீட்டர் மழைக்கு இந்த மாடியிலிருந்து மட்டும் சுமார் 28,000 லிட்டர் வரும். ஒரு குழி கொள்வதோ சுமார் மூவாயிரம்தான்! ஆகவே மாடித் தண்ணீரை வடிகட்டி முதலில் சம்ப்புக்கு விட்டு, வழிவதையும் தரையில் ஓடுவதையும் இரண்டு குழிகளுக்குத் திருப்ப வேண்டும். மீதியை மண்ணின் வேகம்தான் தீர்மானிக்கும். பெசன்ட் நகர் மாதிரி மணற்பாங்கான இடத்தில் மழை பெய்யப் பெய்யவே குழி குடித்துவிடும். கெட்டிக் களிமண் என்றால் குழியின் அடியிலிருந்து மணல் அடுக்கு வரை துளை போட வேண்டியிருக்கும், செலவும் கூடும்.

குழி ஒன்றுக்கு 45,000, குழாய்க்கும் தொட்டிக்கும் 30,000 என்று தோராயமாகக் கணக்கிட்டால் மொத்தம் 1,20,000 ரூபாய், வீட்டுக்கு 5,000. இடத்துக்கு இடம் விலை மாறும் என்பதால் இரண்டு மூன்று பேரிடம் மதிப்பீடு வாங்கிப் பார்ப்பது நல்லது. பராமரிப்புக்கு ஆண்டுக்கு 6,000 ஒதுக்கினால் வீட்டுக்கு மாதம் 21 ரூபாய்கூட ஆகாது.

சிக்கல் பணத்தில் இல்லை, ஆளில்தான். "வாட்ச்மேன் பார்த்துக்கொள்வார்" என்று விட்டுவிட்டால் யாரும் பார்க்க மாட்டார்கள். பொதுக்குழுத் தீர்மானத்திலேயே ஓர் உறுப்பினரின் பெயரை எழுத வேண்டும். செப்டம்பரில் மாடியையும் குழாய்களையும் சுத்தம் செய்வதும், வண்டல் தொட்டியை அள்ளுவதும், முதல் மழையின் அழுக்குத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுவதும் அவர் பொறுப்பு. கார் கழுவும் சோப்புத் தண்ணீர் குழிக்குப் போகாமலும் அவர் பார்த்துக்கொள்ள வேண்டும். குழிக்குள் ஆளை இறக்குமுன் மூடியை வெகுநேரம் திறந்துவைத்துக் காற்றோட்டம் பார்ப்பது கட்டாயம். வெளியே இன்னொருவரும் நிற்க வேண்டும்.

சோதனை சுலபம். மழை விட்ட மறுநாள் மூடியைத் திறந்து பாருங்கள். நேற்றைய தண்ணீர் இறங்காமல் நின்றால், குழி தூர்ந்துவிட்டது.