‘பாரு’ அல்ல, ‘பாருங்க’



நம் செட்டியார்பட்டி, தளவாய்புரம் பக்கம் நைட்டி தைக்கும் உறுப்பினர்கள் பலர். வேலை தரும் முதலாளிகளில் சிலருக்கு அறுபது, எழுபது வயது இருக்கும். அவர்களிடம் எப்படிப் பேசுவது? சமீபத்தில் நடந்ததைச் சொல்கிறேன்.

ஒரு குழுவின் ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் கூலி பாக்கி கேட்க ஒரு பெரியவரிடம் போனார்கள். நானும் கூடப் போனேன். ஊக்குநர், “வணக்கம் ஐயா, நல்லா இருக்கீங்களா?” என்று முறையாகத்தான் ஆரம்பித்தார். பேச்சு சூடு பிடித்ததும், “இந்தா பாரு, துணி வரும்போதே கிழிஞ்சிருந்துச்சு” என்று வந்துவிட்டது. பெரியவர் முகம் மாறிவிட்டது. கூலிப் பேச்சு அங்கேயே நின்றது.

ஊக்குநர் மரியாதை இல்லாதவர் அல்ல. “இந்தா பாரு” வீட்டில் பழகிய வார்த்தை. ‘நீங்க’ என்று ஆரம்பித்தால் மட்டும் போதாது. மரியாதை வினைச்சொல்லின் கடைசியில்தான் இருக்கிறது. பாருங்க, சொல்லுங்க, தந்தீங்க என்று முடிவு வரை அதே மரியாதை போக வேண்டும். கோபத்திலும் அவசரத்திலும்தான் நாக்கு தவறும். அதனால் கேட்க வேண்டிய இரண்டு வரியைப் போகும் முன்பே ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

என்ன சொல்லிக் கூப்பிடுவது? கடைக்காரரை ‘அண்ணாச்சி’ என்பது நம் பக்கத்துப் பழக்கம். ஆனால் முதல் தடவை பார்க்கும் வயதான முதலாளிக்கு ‘ஐயா’தான் பொருத்தம். பெண் முதலாளி என்றால் ‘அம்மா’ என்றே சொல்லுங்கள். ‘பாட்டி’ என்றால் சிலருக்கு மனம் சங்கடப்படும். திருநெல்வேலிப் பக்கம் ‘நீரு, வாரும்’ என்பார்கள். அது ஓரளவு சமமானவர்கள் பேசுவது, பெரியவருக்கு ஆகாது.

அவர் இல்லாத நேரத்தில் மகனிடமோ வேலையாளிடமோ கேட்டாலும், “ஐயா இருக்காங்களா? எப்ப வருவாங்க?” என்றே கேளுங்கள். வாசலில் பேசுவது உள்ளேயும் கேட்கும்.

மரியாதை என்றால் பாக்கியை விட்டுக்கொடுப்பது அல்ல. மறுவாரம் ஊக்குநர் இப்படிக் கேட்டார்: “ஐயா, போன தடவை வாய் தவறிட்டேன், மனசுல வச்சுக்காதீங்க. நாங்க தைச்சுக் கொடுத்த 60 நைட்டிக்குக் கூலி வரணும். எந்தக் கிழமை வரட்டும்னு சொல்லுங்க.” கணக்கு நோட்டையும் காட்டினார். பெரியவர் சனிக்கிழமை வரச் சொன்னார். ‘எப்ப தருவீங்க?’ என்றால் ‘பார்க்கலாம்’ என்று பதில் வரும். ‘எந்தக் கிழமை வரட்டும்?’ என்றால் கிழமையைத்தான் சொல்ல வேண்டும்.

கடிதமாகக் கொடுத்தால் பெயருக்கு முன் ‘திரு’, பின்னால் ‘அவர்கள்’ போடுங்கள். ‘தாங்கள்’ என்று ஆரம்பித்தால் கடைசி வரை ‘தாங்கள்’தான், நடுவில் ‘நீங்கள்’ கலக்க வேண்டாம். “கூலியைத் தந்து உதவுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று முடித்து, தேதியும் உருப்படிக் கணக்கும் எழுதி, நகல் ஒன்றைக் குழுவில் வைத்துக்கொள்ளுங்கள்.