பழுப்புக் கண் பச்சையாகும்போது

போட்ரெய்ட் படத்தில் கண்ணின் நிறத்தை மாற்ற நினைப்பவர்கள் முதலில் செய்வது, பிரஷ்ஷை எடுத்துக் கருவிழி முழுக்கப் பச்சை பூசுவதுதான். உடனே கண் உயிரற்றுப் போகிறது, சட்டையில் தைத்த பொத்தானைப் போல.

காரணம் கண்ணின் அமைப்பில் இருக்கிறது. நடுவில் இருக்கும் கரிய கண்மணியைச் சுற்றியுள்ள வண்ண வளையம்தான் ஐரிஸ். அதில் நுண்ணிய இழைகள் ஆரம் ஆரமாக ஓடுகின்றன. கண்ணில் மின்னும் வெண்புள்ளியான கேட்ச்லைட் அந்த வளையத்தில் இல்லை. அதற்கு முன்னால் கண்ணாடிபோல் இருக்கும் கார்னியாவில், ஜன்னலோ ஸ்டூடியோ விளக்கோ பிரதிபலிப்பதுதான் அது. ஆகவே ஐரிஸ் எந்த நிறமானாலும் கேட்ச்லைட் விளக்கின் நிறத்திலேயே இருக்க வேண்டும்.

ஜன்னலோரம் எடுத்த, அடர் பழுப்புக் கண் கொண்ட ஒரு பெண்ணின் படத்தைப் பச்சைக் கண்ணாக மாற்றுவதாக வைத்துக்கொள்வோம். போட்டோஷாப்பில் ஐரிஸை மட்டும் தேர்ந்தெடுத்து, கண்மணியை விட்டுவிட்டு, அதன் மேல் ஒரு பச்சை லேயர் வைத்து, அதன் பிளெண்ட் மோடை Color என மாற்றுகிறார்கள். இந்த மோடு நிறத்தை மட்டும் மாற்றும். அடியிலுள்ள வெளிச்சத்தையும் நிழலையும் தொடாது. இழைகள் நமக்குத் தெரிவதே வெளிச்ச வேறுபாட்டால்தான் என்பதால் அவை அப்படியே நிற்கும்.

ஆனால் நம்மவர்களின் கண்ணில் இங்கே ஒரு சிக்கல். அடர் பழுப்பு மிகவும் இருண்டது. 0 முதல் 255 வரையிலான அளவில் அதன் வெளிச்சம் 40-ஐ ஒட்டியே இருக்கலாம். அவ்வளவு இருட்டில் பச்சை, கறுப்பாகவே தெரியும். அதனால் பச்சை லேயருக்கு அடியில் ஒரு Curves லேயர் வைத்து ஐரிஸை 80, 90 வரை தூக்குகிறார்கள். வளைவு கீழ்ப்பகுதியில் செங்குத்தாக ஏறினால் இழைகள் இன்னும் துலங்கும். ஆனால் மேல் இமை விழுத்தும் நிழலையும், ஐரிஸின் கரிய வெளி விளிம்பையும் மாஸ்க்கில் மெதுவாக மறைத்துக் காப்பாற்ற வேண்டும். இல்லாவிட்டால் கண் தானே எரிவதுபோல் தோன்றும்.

அடுத்தது கேட்ச்லைட். முழு வெண்மை Color மோடில் நிறம் ஏற்காது. அதன் மங்கிய ஓரங்கள் ஏற்றுக்கொள்ளும். லேயரின் Blend If பகுதியில், Underlying Layer வரிசையின் வெள்ளை முனையை Alt அழுத்திப் பிளந்து 180-க்கும் 230-க்கும் இடையில் வைத்தால், பச்சை அங்கே படிப்படியாக விலகிவிடும். Curves லேயரின் மாஸ்க்கிலும் கேட்ச்லைட்டை மறைத்துவிட வேண்டும். பிறகு Info பேனலில் அந்தப் புள்ளியின் எண்களைப் பார்த்தால், வேலைக்கு முன்னிருந்தவையே இருக்க வேண்டும்.

கடைசியாகப் பச்சை லேயரின் ஒபாசிட்டியை 60 சதவீதம் அளவுக்கு இறக்கி, கண்மணியை ஒட்டிக் கொஞ்சம் பழுப்பை விடுகிறார்கள். இயற்கையான பச்சைக் கண்கள் பலவற்றில் அந்த வளையம் உண்டு.

எல்லாப் படத்திலும் இது கைகொடுக்காது. அழுத்திச் சுருக்கிய ஜேபெக் கோப்பில் இருண்ட ஐரிஸைத் தூக்கினால், இழைகளுக்குப் பதில் கட்டம் கட்டமாகப் புள்ளிகளே மேலெழும். ரா கோப்பு இருந்தால், வெளிச்சத்தை அதிலேயே தூக்கிக்கொள்வது நல்லது.