ஐந்து நட்சத்திரம் மட்டும் போதுமா?

எலக்ட்ரீஷியன், பிளம்பரைக் கைப்பேசியிலேயே தேட உதவிய மலேசியச் செயலி காவ்டிம். தேவையான வேலையைப் பதிவு செய்தால் பலர் விலை சொல்வார்கள். அவர்களின் விவரத்தையும் நட்சத்திரத்தையும் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கலாம். 2022 ஜூலையில் அது மூடப்பட்டாலும் இதே முறையில் வேறு செயலிகள் இயங்குகின்றன.

பிளம்பர் சரியாகச் செய்யாவிட்டால் குழாய் மறுபடி ஒழுகிக் காட்டிக்கொடுக்கும். மின்வேலை அப்படியல்ல.

காம்பாரில் ஒரு வீட்டில் சுடுநீர் ஹீட்டரைத் திறந்ததும் மின்சாரம் துண்டிக்கப்படுவதாக வைத்துக்கொள்வோம். மின்கசிவைக் கண்டு ஆர்சிசிபி விழுகிறது. குளியலறை ஹீட்டருக்கு அது 10 மில்லிஆம்பியரில் விழ வேண்டும். வந்தவர் கசிவைத் தேடாமல் 100 மில்லிஆம்பியர் ஆர்சிசிபியை மாட்டினால் அது விழாது. வீட்டார் மகிழ்ந்து ஐந்து நட்சத்திரம் தருவார்கள். கசிவும் ஆபத்தும் அப்படியே இருக்கும்.

ஆகவே கோரிக்கையில் “கரண்ட் இல்லை” என்று மட்டும் எழுதாமல், எந்தச் சாதனத்தைத் திறந்தால் எந்த சுவிட்ச் விழுகிறது என்று எழுதி, மின்பெட்டியின் படத்தையும் இணைக்க வேண்டும். வருபவரிடம் சுருஹான்ஜாயா தெனாகா வழங்கிய வயர்மேன் தகுதிச் சான்றிதழைக் கேட்டுப் பார்க்கலாம். வீட்டில் மும்முனை மின்சாரம் இருந்தால் அதற்குரிய சான்றிதழ் வேண்டும். வேலை முடிந்ததும் புதிய ஆர்சிசிபியில் அச்சிட்டுள்ள எண்ணைப் பார்த்துவிட்டுப் பிறகு நட்சத்திரம் கொடுக்கலாம்.